மாறியது கொம்பனியா, குளிசையா?

வாசகர் கடிதம்

என் மகனுக்கு 23 வயது. பதினேழு வயதில் வலிப்பு தொடங்கியது. கார்பமசெபின் காலை ஒன்று, இரவு ஒன்று போட்டு வந்தான். செங்கல் நிறம், நீளக் குளிசை, 400 என்று காட்டில் இருக்கும். இரண்டரை வருடமாக ஒரு வலிப்பும் இல்லை. போன மாதம் கிளினிக்கில் மருந்து இல்லை, வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு எழுதித் தந்தார்கள். துண்டில் "கார்பமசெபின் 400, காலை, இரவு" என்று மட்டும் இருந்தது. பாமசியில் வெள்ளை நிற வட்டக் குளிசை, 200, இந்தியக் கொம்பனி, காலை இரண்டு இரவு இரண்டு என்று 120 குளிசை தந்தார்கள்.

அதிலிருந்து காலையில் மருந்து போட்டு மூன்று மணித்தியாலத்தில் தலை சுற்றுகிறது, எழுத்துகள் இரண்டிரண்டாகத் தெரிகின்றன என்றான். மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் நாட்களில் காலைக் குளிசையைக் குறைத்தும் விட்டும் இருக்கிறான். 21 நாள் முடிந்து, நல்லூர்த் தேரன்று விரதம். விடிய நான்கு மணிக்கு எழும்பிப் போனவன் அன்று காலை மருந்து போடவில்லை. முதல் நாள் இரவு எட்டு மணிக்குத்தான் கடைசியாகப் போட்டது. பின்னேரம் ஐந்து மணிக்கு வீட்டு முற்றத்தில் விழுந்து வலித்தது. இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிட்டது. பிறகு எண்ணிப் பார்த்தேன், 59 குளிசை மிச்சம்.

இந்தக் குளிசையில் மருந்தே இல்லையோ என்று பயமாக இருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, பழைய நீளக் குளிசை கொஞ்சம் குசினியில் ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைத்திருந்தேன், அதைக் கொடுக்கிறேன். 18 இருக்கிறது. காசு போனாலும் ஒறிஜினல்தான் வாங்க வேண்டுமா? விட்ட மருந்துக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கலாமா?

— ஒரு தாய், யாழ்ப்பாணம்

மருந்தாளரின் பதில்

அம்மா, முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அந்த 18 குளிசை ஒன்பது நாளுக்குத்தான் காணும், அதை நம்பியிருக்க வேண்டாம். இரட்டிப்பு வேளையும் வேண்டாம். அடுத்த கிளினிக் தவணைக்குக் காத்திராமல் இந்த வாரமே மகனைக் கூட்டிக்கொண்டு போங்கள். இரண்டரை வருடத்துக்குப் பிறகு ஒரு வலிப்பு வந்திருக்கிறது என்றால், அது தவணைத் திகதிக்கு முன்பே டொக்டருக்குத் தெரிய வேண்டிய விஷயம். போகும்போது கிளினிக் கொப்பி, வெள்ளைக் குளிசையின் காட், பழைய குளிசையின் காட் இருந்தால் அதுவும், பாமசிக்கு எழுதித் தந்த துண்டு, இவை நான்கையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். இதற்கிடையில் திரும்ப வலிப்பு வந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அல்லது நினைவு திரும்பாமலே இரண்டாவது வந்தால், 1990 ஐ அழைத்து அம்புலன்ஸில் கொண்டு போக வேண்டும்.

இனி, என்ன நடந்தது என்று பார்ப்போம். உங்கள் கடிதத்தில் விடை முக்கால்வாசி இருக்கிறது.

மில்லிகிராம் சரி, குளிசை வேறு

நீங்கள் கொம்பனியைச் சந்தேகிக்கிறீர்கள். என் சந்தேகம் துண்டில் விடுபட்ட இரண்டு எழுத்தில். செங்கல் நிறத்தில் நீளமாக, 400 என்று, ஒரு நாளைக்கு இரண்டே வேளை கொடுக்கப்பட்ட கார்பமசெபின் பெரும்பாலும் மெல்ல மெல்ல மருந்தை விடும் வகை. அதன் பெட்டியில் மருந்தின் பெயருக்குப் பின்னால் சீ, ஆர் என்ற இரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். கிளினிக் கொப்பியின் பழைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள், அங்கும் அந்த எழுத்துகள் இருக்கும் என்று நினைக்கிறேன். வெளியில் வாங்க எழுதித் தந்த துண்டில் அவை விடுபட்டுவிட்டன. பாமசியில் 400 இல்லாததால் 200 ஐ இரண்டாகத் தந்தார்கள். கணக்குப்படி ஒரு நாளைக்கு 800 மில்லிகிராம்தான், பிழை இல்லை. ஆனால் கொடுத்தது சாதாரணக் குளிசை.

தேத்தண்ணிக்குள் சீனியும் போடலாம், கற்கண்டும் போடலாம். சீனி உடனே கரைந்துவிடும், கற்கண்டு கரைய நேரம் எடுக்கும். இரண்டிலும் இனிப்பு ஒரே அளவாக இருக்கலாம், அது வந்து சேரும் விதம்தான் வேறு. சாதாரணக் கார்பமசெபின் குளிசையில் 400 மில்லிகிராமை ஒரே தடவையில் விழுங்கும்போது இரத்தத்தில் மருந்தின் அளவு சில மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு ஏறி, பிறகு அடுத்த வேளைக்குள் நன்றாக இறங்கிவிடும். மெல்ல விடும் குளிசையில் அந்த உச்சம் தாழ்வாகவும் பள்ளம் ஆழமில்லாமலும் இருக்கும். அதனால்தான் அதை இரண்டு வேளையோடு நிறுத்த முடிகிறது. சாதாரணக் குளிசையில் அதே 800 மில்லிகிராமைக் கொடுக்க வேண்டி வந்தால், டொக்டர்மார் பல வேளை அதை மூன்று அல்லது நான்காகப் பிரித்துத்தான் எழுதுவார்கள்.

உங்கள் மகனுக்குத் தலை சுற்றியதும் எழுத்துகள் இரட்டையாகத் தெரிந்ததும் அந்த உச்சத்தின் அடையாளம். கார்பமசெபின் இரத்தத்தில் கூடும்போது முதலில் காட்டும் குறிகளில் இவை இரண்டும் முக்கியமானவை. ஆகவே குளிசையில் மருந்தே இல்லை என்ற உங்கள் பயம் சரியல்ல. மருந்து இல்லாத குளிசை கண்ணை இரட்டையாக்காது. சொல்லப்போனால், சில மணித்தியாலத்துக்கு அது அளவுக்கு மேலேயே வேலை செய்திருக்கிறது.

போலி மருந்து என்ற பயம் முற்றிலும் காரணமற்றது என்று சொல்ல மாட்டேன். காட்டில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும் தெளிவாக இருக்கிறதா, அச்சு மங்கலோ எழுத்துப் பிழையோ இருக்கிறதா, பற்றுச்சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். ஆனால் இந்தச் சம்பவத்தில் அப்படி நினைக்க எதுவும் இல்லை.

59 என்ற எண் சொல்வது

நீங்கள் எண்ணிப் பார்த்தது மிகவும் நல்லது. பலர் அதைச் செய்வதில்லை. ஒரு நாளைக்கு நான்கு வீதம் 21 நாளுக்கு 84 குளிசை முடிந்திருக்க வேண்டும். 120 இல் 84 போனால் 36 மிஞ்ச வேண்டும். உங்களிடம் 59 இருக்கிறது, 23 கூட. அதாவது போட வேண்டிய 84 இல் 61 தான் உள்ளே போயிருக்கிறது. கால்வாசிக்கும் மேல் விடுபட்டிருக்கிறது. அதுவும் எல்லா நாளும் சமமாக அல்ல, வேலை நாட்களின் காலை வேளைகளில்.

மகனைக் கோவிக்க வேண்டாம். கண் இரட்டையாகத் தெரியும்போது மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போக முடியாது என்று அவர் நினைத்தது புத்திசாலித்தனம்தான். பிழை, அதை யாரிடமும் சொல்லாமல் குளிசையைக் குறைத்தது. வலிப்பு மருந்து எடுப்பவர்கள் வேளை தவறுவதில் மறதி ஒரு பங்குதான். பக்கவிளைவுக்குப் பயந்து தாங்களாகவே குறைப்பதும் நடக்கிறது. ஆனால் கிளினிக்கில் "மருந்து ஒழுங்காகப் போடுகிறீரா?" என்று கேட்டால் எல்லாரும் "ஓம்" என்றுதான் சொல்வார்கள். "மருந்து போட்ட பிறகு உமக்கு என்ன செய்கிறது?" என்று கேட்டால்தான் உண்மை வரும்.

தேர் நாளைப் பாருங்கள். நீண்ட நாள் எடுப்பவரின் உடலில் கார்பமசெபினின் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 12 முதல் 17 மணித்தியாலம் எடுக்கும். கடைசிக் குளிசை முதல் நாள் இரவு எட்டு மணிக்கு. வலிப்பு வந்தது மறுநாள் பின்னேரம் ஐந்து மணிக்கு. இடையில் 21 மணித்தியாலம். அந்த நேரத்தில் முன்னிரவு இருந்த அளவில் மூன்றில் ஒரு பங்கு, கூடினால் இரண்டில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத்தான் மிஞ்சியிருக்கும். அதற்கு முந்திய நாட்களிலும் வேளைகள் விடுபட்டதால் அந்த முன்னிரவு அளவே தாழ்வாக இருந்திருக்கும். அதற்கு மேல் நித்திரைக் குறைவு. வலிப்பைத் தூண்டும் காரணங்களில் நித்திரை முழிப்பு முன்வரிசையில் நிற்பது. அதோடு பட்டினி, வெயில், சனநெருக்கம்.

ஆக, கொம்பனி மாறியதால் நேரடியாக வலிப்பு வந்தது என்று நான் நினைக்கவில்லை. குளிசையின் வகை மாறியது, அதனால் தலை சுற்றியது, அதனால் வேளை விடுபட்டது, கடைசியில் விரதமும் நித்திரை முழிப்பும் சேர்ந்தன. இவை தவிர வேறு காரணமும் இருக்கலாம், அதை டொக்டர்தான் பார்க்க வேண்டும். அந்த நாட்களில் காய்ச்சல் இருந்ததா, வேறு மருந்து எடுத்தாரா, மதுபானம் எடுத்தாரா என்று கேட்பார்கள். மகன் மறைக்காமல் சொல்ல நீங்கள் கொஞ்சம் தள்ளி நின்றால்கூட நல்லது. தேவை என்று கருதினால் இரத்தத்தில் மருந்தின் அளவைப் பார்ப்பார்கள். அப்படிச் சொன்னால் காலைக் குளிசை போடுவதற்கு முன் இரத்தம் கொடுக்க வேண்டும். போட்ட பிறகு கொடுத்தால் உச்சத்தை அளந்துவிட்டு எல்லாம் சரி என்று ஏமாறலாம்.

ஹோர்லிக்ஸ் போத்தல்

பழைய குளிசையை நல்ல மனதோடுதான் எடுத்து வைத்தீர்கள். ஆனால் கார்பமசெபின் ஈரத்துக்கு மிகவும் பயப்படும் மருந்து. ஈரக் காற்று பட்டால் மருந்தின் பளிங்குகள் தண்ணீரை இழுத்துக்கொண்டு உருமாறும், குளிசை இறுகும், வயிற்றுக்குள் போனாலும் வடிவாகக் கரையாது. ஈரத்தில் வைத்த குளிசை உடலுக்குக் கொடுக்கும் மருந்தில் மூன்றில் ஒரு பங்கு வரை குறைந்துபோகலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 1990 இல் எச்சரித்தது. அந்த எச்சரிக்கை சாதாரணக் குளிசைகளைப் பற்றியதுதான், ஆனால் மெல்ல விடும் குளிசையையும் ஈரம் படாமல் வைக்கும்படிதான் பெட்டியிலேயே எழுதியிருப்பார்கள். வெளியில் பார்த்தால் நிறமும் வடிவமும் மாறாமல் இருக்கும், கண்ணால் கண்டுபிடிக்க ஏலாது.

காட்டிலிருந்து உடைத்து எடுத்து, சமையலறைத் தட்டில், அடுப்பின் ஆவி படும் இடத்தில், அடிக்கடி திறந்து மூடும் போத்தலில் வைத்த குளிசை எந்த நிலையில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாரி காலத்தில் உப்புப் போத்தல் எப்படிக் கசிகிறது என்று உங்களுக்கே தெரியும். அந்த 18 ஐயும் பாமசியிலோ கிளினிக்கிலோ திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கொடுத்த காட்டிலேயே, அலுமாரியில், குளியலறைக்கும் குசினிக்கும் தூரமாக வைப்பதே இந்த மருந்துக்குச் சரி. ஆஸ்பத்திரியில் கடதாசி உறைக்குள் உதிரியாகத் தந்தால் இறுக்கமாக மூடும் சின்ன டப்பாவில், ஒரு மாதத்துக்கு மேல் வைக்காமல் பாவித்து முடியுங்கள். ஒரு வாரப் பெட்டியில் பிரித்துப் போடுவது மறதிக்கு நல்லது, ஆனால் ஒரு வாரத்துக்கு மேல் பிரித்து வைக்க வேண்டாம்.

அப்படியானால் இப்போது எதைக் கொடுப்பது? கிளினிக் கொப்பியில் சீ.ஆர். 400, காலை ஒன்று இரவு ஒன்று என்று இருந்தால், அந்தக் கொப்பியையே கொண்டு போய் அதே வகையைக் கேளுங்கள். ஒரு கடையில் இல்லாவிட்டால் இன்னொன்றில் கேளுங்கள், ஒசுசலவிலும் விசாரியுங்கள். கிடைக்கும் வரை ஒரு வேளையும் மருந்தில்லாமல் போகக்கூடாது. வெள்ளைக் குளிசை மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், அதை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று கிளினிக்கிலோ, விடுமுறை நாளென்றால் வெளிநோயாளர் பிரிவிலோ டொக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அதை அடியோடு நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்து. மெல்ல விடும் குளிசையை இடித்தோ சப்பியோ விழுங்கக் கூடாது என்பதையும் மகனுக்குச் சொல்லுங்கள். இடித்தால் அது சாதாரணக் குளிசையாகிவிடும், திரும்பவும் தலை சுற்றும்.

ஒறிஜினலுக்காகக் காசைக் கொட்ட வேண்டுமா?

நோயாளிகளின் பயம் இங்கேதான் கூட. ஒரு புதிய கொம்பனியின் குளிசையை அனுமதிக்கும் முன், அது இரத்தத்தில் தரும் மருந்தின் அளவை முதலில் வந்த குளிசையோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 80 முதல் 125 வீதத்துக்குள் இருக்க வேண்டும் என்ற எல்லையைக் கேள்விப்பட்டவர்கள், "அப்போ இருபது வீதம் குறைந்த குளிசையும் கடைக்கு வரும்" என்கிறார்கள். அது சரியான விளக்கம் அல்ல. பரிசோதனையில் வரும் சராசரி மட்டுமல்ல, அந்தச் சராசரியைச் சுற்றியுள்ள சந்தேக எல்லை முழுவதும் அந்த வேலிக்குள் அடங்க வேண்டும். இருபது வீதம் குறைந்த குளிசை அந்தச் சோதனையில் தேறாது. அமெரிக்காவில் அனுமதி பெற்ற குளிசைகளின் 2,070 பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடலுக்குள் சேரும் மருந்தின் மொத்த அளவில் சராசரி வித்தியாசம் நான்கு வீதத்துக்கும் குறைவு.

ஆனால் முழுதாக நிம்மதியடையவும் வேண்டாம். ஒவ்வொரு கொம்பனியும் முதலில் வந்த குளிசையோடுதான் ஒப்பிடப்படுகிறது, ஒன்றோடொன்று அல்ல. ஒன்று சற்றுக் கூடவும் மற்றது சற்றுக் குறையவும் இருந்தால், இவை இரண்டுக்கும் இடையே மாறும்போது வித்தியாசம் கூடும். பெரும்பாலான மருந்துகளில் அது ஒரு பொருட்டே அல்ல. சில வலிப்பு மருந்துகளில் அது பொருட்டாகும்.

பிரித்தானியாவின் மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் 2013 இல் வலிப்பு மருந்துகளை மூன்றாகப் பிரித்தது. கார்பமசெபின், பெனிட்டோயின், பினோபாபிட்டோன் ஆகியவை முதற் பிரிவில் வருகின்றன. இவற்றை ஒரே கொம்பனியில் வைத்திருப்பது நல்லது என்பது அதன் அறிவுரை. சோடியம் வல்புரோவேட், லமோட்ரிஜின், குளோபசாம் போன்றவை நடுப்பிரிவு. அங்கே நோயாளியின் நிலையைப் பார்த்து டொக்டர் முடிவெடுக்கலாம். லெவெட்டிராசிட்டம் மூன்றாவது பிரிவு, கொம்பனி மாறினால் பொதுவாகக் கவலை இல்லை. ஆகவே பக்கத்து வீட்டுப் பிள்ளை லெவெட்டிராசிட்டம் எடுத்துக்கொண்டு மாதத்துக்கொரு கொம்பனி மாற்றியும் நன்றாக இருக்கிறது என்பது உங்கள் மகனுக்குப் பொருந்தாது. உங்கள் மகனின் கதை அந்தப் பிள்ளைக்கும் பொருந்தாது.

முதற் பிரிவில் ஏன் இவ்வளவு கவனம் என்பதற்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. 1968 இல் அவுஸ்திரேலியாவில் பெனிட்டோயின் கப்சியூலில் மருந்தோடு சேர்க்கும் வெறும் நிரப்புப் பொருளைக் கல்சியம் சல்பேற்றிலிருந்து லக்டோசுக்கு மாற்றினார்கள். மருந்தின் மில்லிகிராம் மாறவில்லை. ஆனால் உடலில் சேர்ந்த அளவு கூடி, பல நோயாளிகள் தள்ளாடத் தொடங்கினார்கள். மாற்றம் என்றால் மருந்து குறைவது என்றே நாம் நினைக்கிறோம். கூடுவதும் உண்டு, உங்கள் வீட்டில் நடந்ததும் முதலில் அதுதான்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: ஒறிஜினல் தேவையில்லை, ஒரே குளிசை தேவை. இரண்டு மாதம் ஒறிஜினல் வாங்கி மூன்றாம் மாதம் காசில்லாமல் வேறொன்றுக்கு மாறுவதைவிட, மாதா மாதம் வாங்கக்கூடிய ஒரு கொம்பனியின் சீ.ஆர். குளிசையில் நிலையாக இருப்பது மேல். எங்கள் நாட்டில் துண்டில் மருந்தின் பொதுப் பெயர் எழுதப்படுவதால் கடையில் எந்தக் கொம்பனியும் வரலாம். ஆஸ்பத்திரியிலும் கேள்விமனு மாறும்போது கொம்பனி மாறும். அதை உங்களால் தடுக்க முடியாது. ஆனால் கொப்பியின் முதற் பக்கத்தில் இப்போது எடுக்கும் கொம்பனியின் பெயரை எழுதி வைத்து, மாறும்போது திகதியோடு குறிக்கலாம். மாற்றம் தவிர்க்க முடியாவிட்டால் சோதனைக் காலம், திருவிழா, நீண்ட பயணம் போன்ற நாட்களில் இல்லாமல் வேறு நாட்களில் மாறுங்கள், முதல் சில வாரம் தலை சுற்று, கண் இரட்டை, நித்திரை மயக்கம் என்று ஏதாவது வருகிறதா என்று பாருங்கள். இரண்டு கொம்பனிக் குளிசையை ஒரே நாளில் கலந்து கொடுக்க வேண்டாம்.

வேளை தவறினால்

இரட்டிப்பு ஏன் வேண்டாம் என்பது இப்போது உங்களுக்கே புரியும். வெள்ளைக் குளிசையின் உச்சமே கண்ணை இரட்டையாக்கியது, அதன் மேல் இன்னொரு வேளையை ஏற்றினால் தள்ளாட்டமும் வாந்தியும் வரும். ஒரு நாளைக்கு இரண்டு வேளை எடுப்பவருக்கு நான் சொல்லும் வழி, இரண்டு வேளைக்கும் நடுவிலுள்ள கோட்டைப் பார்ப்பது. காலை எட்டு மணிக்குரியது மறந்து பகல் ஒரு மணிக்கு ஞாபகம் வந்தால் உடனே போடலாம், இரவுக் குளிசையை வழமையான நேரத்துக்கே போடலாம். பகல் இரண்டு மணிக்கு மேல் ஞாபகம் வந்தால் அதை விட்டுவிட்டு இரவு எட்டு மணிக்கு ஒரு வேளை மட்டும் போட வேண்டும். கிளினிக்கில் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். விட்ட வேளையைக் கலண்டரில் ஒரு புள்ளியாகக் குறித்தால் போதும்.

ஒரு நாளுக்கு மேல் தொடர்ந்து விடுபட்டால் வீட்டில் முடிவெடுக்க வேண்டாம், கேளுங்கள். கார்பமசெபினுக்கு மட்டுமல்ல. லமோட்ரிஜின் எடுப்பவர் ஐந்தாறு நாள் விட்டுவிட்டால் பழைய அளவில் திரும்பத் தொடங்கக் கூடாது, தோலில் ஆபத்தான கொப்புளம் வரலாம், சிறிய அளவிலிருந்து படிப்படியாக ஏற்ற வேண்டும். பினோபாபிட்டோனையும் குளோபசாமையும் திடீரென நிறுத்தினால் நிறுத்தியதாலேயே கடுமையான வலிப்பு வரலாம்.

விரதத்தைப் பற்றி. கார்பமசெபினைச் சாப்பாடு இல்லாமலும் தண்ணீரோடு எடுக்கலாம், வயிறு பிரட்டினால் பாலோ வாழைப்பழமோ போதும். ஒரு குளிசைக்காகக் கந்தன் கோவிக்க மாட்டார். கந்தசஷ்டி வரப்போகிறது, ஆறு நாளும் மருந்து நேரம் மாறாது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிவராத்திரி முழிப்பை மகனுக்குப் பதிலாக வீட்டில் வேறு யாராவது பிடிக்கட்டும். டொக்டர் சரி சொல்லும் வரை மோட்டார் சைக்கிள் வேண்டாம். கிணற்றடியில் தனியே நின்று குளிப்பதும், கட்டு உயரமில்லாத கிணற்றில் தண்ணீர் அள்ளுவதும் வேண்டாம்.

பாமசியில் நீங்கள் எதிர்பார்க்க வேண்டியது

இது உங்களுக்கும், இதை வாசிக்கும் என் சக மருந்தாளர்களுக்கும். வலிப்புத் துண்டு ஒன்று வந்தால் முதல் கேள்வி "இதற்கு முன் எதை எடுத்தீர்கள்?" என்பதாக இருக்க வேண்டும். பழைய காட்டை வாங்கிப் புதிய காட்டின் பக்கத்தில் வைத்து, மருந்தின் பெயர், மில்லிகிராம், சீ.ஆர். போன்ற எழுத்து, கொம்பனி என்று நான்கையும் நோயாளி கேட்கும்படி வாசிக்க வேண்டும். முதல் மூன்றில் ஒன்று மாறினாலும் கொடுக்க முன் டொக்டரோடு கதைக்க வேண்டும். 400 சீ.ஆர். க்குப் பதில் 200 ஐ இரண்டாகக் கொடுப்பது வெறும் கணக்கு அல்ல, சிகிச்சையை மாற்றுவது. கொம்பனி மட்டும் மாறினால், மாறியிருக்கிறது என்று வாயால் சொல்லி, உறையில் எழுதி, இன்ன குறி வந்தால் திரும்பி வாருங்கள் என்று சொல்ல வேண்டும். நிறம் மாறியதை வீட்டுக்குப் போய் நோயாளி தானே கண்டுபிடிக்கும்போதுதான் மருந்தை நிறுத்துகிறார்.

வேறு துண்டோடு வருபவரிடமும் கேட்க வேண்டும். எரித்ரோமைசின், கிளரித்ரோமைசின் போன்ற அன்ரிபயோட்டிக் கார்பமசெபினை இரத்தத்தில் ஏற்றிவிடும். நோவுக்குக் கொடுக்கும் ட்ரமடோல் வலிப்பையே தூண்டக்கூடும். தொண்டை நோவுக்கு மருந்து வாங்கப் போனாலும், "நான் வலிப்புக்குக் கார்பமசெபின் எடுக்கிறேன்" என்று மகன் முதலில் சொல்லப் பழக வேண்டும்.

கடைசியாக, ஒரு மாத மருந்து முடிகிற நாளில் அடுத்த மாத மருந்தைத் தேடப் போகாதீர்கள். பத்துக் குளிசை உள்ள ஒரு காட்டைக் கையிருப்பாக வையுங்கள், ஐந்து நாளுக்குக் காணும். புதிய மருந்து வந்ததும் பழைய காட்டை முதலில் பாவித்து, புதியதில் ஒன்றை அந்த இடத்தில் வையுங்கள். கிளினிக்கில் மருந்து இல்லை என்று வெளியில் எழுதித் தரும்போது, துண்டைக் கையில் வாங்கியதும் கொப்பியோடு ஒத்துப் பாருங்கள், சீ.ஆர். என்ற எழுத்து இல்லாவிட்டால் அங்கேயே நின்று எழுதி வாங்கிக்கொண்டு வாருங்கள்.